பட்டி பூசிய மூன்று கால்கள்

அக்கா வீட்டில் வேலை செய்யப் போவதில் பெயின்டருக்கு ஒரே ஒரு தொல்லைதான். அந்தத் தொல்லை நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிவிட்டு, இவன் கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் வேடிக்கை பார்க்கும். அக்காவின் வீட்டுக்காரர்தான். இவனுக்கு மாமா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். மனுஷர் வேலையை விட்டாரே தவிர கேள்வி கேட்பதை விடவில்லை. பரீட்சை எழுத வீட்டில் வேறு ஆள் ஏது? மச்சினன் வந்தால் மச்சினனுக்குப் பரீட்சை.

சனிக்கிழமை அக்கா மகள் ஊரிலிருந்து வருகிறாள். ஒரு மாதம் இருக்கப் போகிறாள். கூடவே இரண்டு வயசுப் பேத்தி. கண்ணில் பட்டதிலெல்லாம் ஏறுகிற வயசு. அதற்குள் வீட்டில் இருக்கிற இரும்பு அத்தனையும் துரு போய், புதுப் பெயின்ட்டில் மினுங்க வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு.

திங்கட்கிழமை கதவுச் சாமான்களை முடித்தான். கீல், தாழ்ப்பாள், கொக்கி எல்லாவற்றையும் கழற்றிப் பழைய பேப்பரில் பரப்பி, மாமாவின் மேற்பார்வையில் இரண்டு கூறாகப் பிரித்தான். ஒரு கூறு மண்ணெண்ணெய் வாளிக்குள் போனது. இன்னொன்று குப்பைக்கு.

"இது ரெண்டும் ஒரே மாதிரிதானே துரு பிடிச்சிருக்கு? இத ஏன் வெச்சிக்கிற, அத ஏன் தூக்கிப் போடற?" என்றார் மாமா.

"ஒரே மாதிரி தெரியும் மாமா. வாசக்கதவு தாழ்ப்பாள் மேல படிஞ்ச துரு. கம்பி பிரஷ் போட்டா அடியில இரும்பு முழுசா இருக்கு, பாருங்க. இந்தப் பாத்ரூம் கீல் அப்படியில்ல. தகடு பாதியா மெலிஞ்சிடுச்சு, நடு ஊசி தேஞ்சு ஆடுது. இத சுரண்டினா துரு மட்டும் போகாது, கீலும் சேந்து போயிடும்."

"அப்ப திருகாணி?"

"அது எல்லாமே புதுசு. பழைய திருகாணிய மிச்சம் பிடிச்சு ஒருத்தனும் கோடீஸ்வரன் ஆகல."

மாமா சிரித்தார். "உன் தம்பி பெரிய ஆளு ஆயிட்டான்டி" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். பெயின்டர் குனிந்துகொண்டு தாழ்ப்பாளைத் தேய்த்தான். நாற்பத்தாறு வயசில் ஒரு ஆம்பளைக்கு வெட்கம் வரலாமா என்றால், வந்தது.

அந்தச் சிரிப்பு சும்மா வந்ததில்லை. ஒரு காலத்தில் இதே மாமா இவனைப் பார்த்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். படிப்பு ஏறவில்லை, வைத்த கடை ஊற்றிக்கொண்டது, வாங்கிய வண்டியை விற்றான். எட்டு வருஷத்துக்கு முன்னால், மகள் கல்யாணத்துக்கு வீட்டைப் புதுப்பித்தபோது, அக்கா கெஞ்சிக் கேட்டதால் மாடி பால்கனி கிரில்லை மட்டும் இவனிடம் விட்டார். அது பழங்காலத்து கிரில். உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டிக் கம்பி, ஐந்து கால், நடுவில் கொடி கொடியாக வளைத்த வேலைப்பாடு. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். "யார் வேலை?" என்று கேட்டவர்களிடம் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் மச்சினன்" என்றார். அதற்குப் பிறகு இவனுக்குத் தெரு முழுக்க வேலை கிடைத்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் இடம் கிடைத்தது. இவன் வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்தான் என்றால் அது அந்த கிரில் என்றுதான் குடும்பத்தில் பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த கிரில் முன்னால் உட்கார்ந்தான்.

மேல் பகுதி அருமையாக இருந்தது. அங்கங்கே பெயின்ட் கொப்பளித்திருந்தது. சுரண்டியால் தள்ளினால் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் மெல்லிய பழுப்புத் துரு. கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், கம்பி வெளுத்துவிட்டது. சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீர் என்றது. அப்படியே தட்டிக்கொண்டே கீழே வந்தான். முதல் கால், கணீர். இரண்டாவது, கணீர். அந்த மூலையில் மேலே கூரை நீட்டிக்கொண்டிருக்கிறது, மழை அடிப்பதில்லை. மூன்றாவது காலில், அது குட்டைச் சுவருக்குள் இறங்குகிற இடத்தில் தட்டினான். அந்தக் கணீர் வரவில்லை. மரக்கட்டையில் தட்டியது போல 'டொக்' என்றது.

மறுபடி தட்டாமல் சுத்தியலைக் கீழே வைத்தான். ஏனென்றால் தட்டுவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும்.

எட்டு வருஷம் முன்னாலும் அந்த மூன்று கால்களும் அடியில் அரித்துத்தான் இருந்தன. பாதிக் கம்பி போயிருந்தது. வெல்டரைக் கூப்பிட்டு வெட்டிப் புதுக்கால் வைத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் பாக்கி, வெல்டர் வெளியூரில். 'எனக்கு அப்பவே தெரியும், இவன்கிட்ட கொடுத்தா இப்படித்தான்' என்று மாமா சொல்லிவிடுவாரே என்ற பயம். சுவரில் விழுந்திருந்த பொந்துக்குள் பேப்பரைக் கசக்கித் திணித்து, கார் பாடிக்குப் பூசுகிற பட்டியைக் கம்பியைச் சுற்றி அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு நாலு மூலையும் கச்சிதமாகத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டான். கம்பி எது, பட்டி எது என்று பிரம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணம் முடிந்ததும் வந்து சரி செய்துவிடலாம் என்றுதான் நினைத்தான். பிறகு பாராட்டு வந்தது. பாராட்டு வந்தபின் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

ஸ்க்ரூட்ரைவரை எடுத்து மெல்ல குத்தினான். பட்டி ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பேப்பர் இன்னும் ஈரமாக இருந்தது. பட்டிக்கும் கம்பிக்கும் நடுவே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் எட்டு மழைக்காலமும் அங்கேயே குடியிருந்திருக்கிறது. சும்மா விட்டிருந்தால்கூட வெயிலில் காய்ந்திருக்கும். கட்டை விரல் கனத்துக்கு இருந்த கம்பி, நடுவில் பென்சில் கனத்துக்கு மெலிந்திருந்தது. நாலாவது கால் அதைவிட மோசம். ஐந்தாவதில் ஸ்க்ரூட்ரைவர் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது.

பெயர்ந்த ஓட்டை அவசரமாக எடுத்து அதே இடத்தில் ஒட்ட வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. படிக்கட்டில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் துணியை எடுத்துக் காலடியில் போர்த்திவிட்டு எழுந்தான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மோசமான யோசனைகள் எப்போதும் உடனே வந்துவிடும்.

"மாமா, இத மொத்தமா கழட்டிப் போட்டுட்டு புதுசு வெச்சிடலாம்" என்றான். "பழசாயிடுச்சு. இனிமே தாங்காது."

மொத்த கிரில்லும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் பட்டியும் கூடவே போய்விடும். யாருக்கும் தெரியாது. பேத்திக்கும் ஆபத்தில்லை. எல்லாம் சுபம்.

மாமா கண்ணாடியைத் தள்ளிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். கீழே கிடந்த சுத்தியலை எடுத்து கிரில்லின் மேல் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார். கணீர்.

"இந்தச் சத்தத்துக்கு என்ன குறை? நேத்து நீதானே சொன்ன, இரும்பு முழுசா இருந்தா சுத்தம் பண்ணி வெச்சிக்கலாம்னு?"

"அது... இது வேற மாமா. உள்ளுக்குள்ள போயிருக்கும்."

"கெட்டிக் கம்பிக்கு ஏதுப்பா உள்ளு? பைப்பா இருந்தா உள்ளேருந்து அரிக்கும், ஒத்துக்கறேன்."

முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவரிடம் சப்பைக்கட்டு கட்டினால் எவ்வளவு நேரம் நிற்கும்? 

"உன் கையால பண்ண வேலைய நீயே குறைச்சுப் பேசாத" என்று மாமா முதுகில் தட்டினார். "சரி, உனக்கு சந்தேகம்னா நாளைக்கு வெல்டர வரச்சொல்லு. அவன் என்ன சொல்றானோ அதுபடி பண்ணலாம்."

வெல்டர் வந்தால் ஒரே நிமிஷம். காலைப் பார்ப்பான், பட்டியைப் பார்ப்பான், 'எந்தப் புண்ணியவான் பண்ணான் இத?' என்று உரக்கக் கேட்பான். பெயின்டர் மத்தியானச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். வெல்டரைத் தனியாகப் பார்த்துப் பேசி வைக்கலாமா, இன்றைக்கே இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்று மனசு எங்கெங்கோ ஓடியது. ஓடாத இடம் ஒன்றே ஒன்று. அது எதுவென்று நாலு மணிக்குத் தெரிந்தது.

நாலு மணிக்கு அக்கா டீ கொண்டுவந்தாள். தம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரரைப் பார்த்ததும், "அண்ணே, இருங்க இருங்க, வெண்டைக்கா எப்படி?" என்று கிரில்லை நோக்கிப் போனாள். இரண்டு கையையும் மேல் சட்டத்தில் ஊன்றினாள். நாலாவது காலுக்கு நேர் மேலே. உடம்பைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள்.

காலடியில் மெல்லிதாக ஒரு முனகல் கேட்டது. அக்காவுக்குக் கேட்டிருக்காது.

"அக்கா!"

தம்ளர் எங்கே போனதென்று அவனுக்குத் தெரியாது. அவள் தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் பின்னால் சுவரில் மோதிக்கொண்டார்கள். கிரில் வெளிப்பக்கம் ஒரு விரல்கடை சாய்ந்து அப்படியே நின்றது. மூலையில் நல்லதாக இருந்த இரண்டு கால்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னடா ஆச்சு உனக்கு? பைத்தியமா?" அக்கா முழங்கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு சாய்ந்து நிற்கிற கிரில்லைப் பார்த்தாள். சத்தம் கேட்டு மாமாவும் வந்துவிட்டார்.

பெயின்டர் துணியை எடுத்துப்போட்டான். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பேப்பர் திணித்தது, பட்டி அப்பியது, மூலை பிடித்துத் தேய்த்தது, பயந்தது, குட்டி வந்து ஏறுமே என்று பதறியது, காலையில் பொய் சொன்னது. மேல் பகுதி நல்ல இரும்பு, மூன்று கால்தான் போச்சு, மொத்தமும் மாற்ற வேண்டும் என்றது தன் குட்டு வெளிப்படாமல் இருக்கத்தான் என்பது வரைக்கும். சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை.

மாமா குனிந்து பெயர்ந்த பட்டி ஓட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதுதான் இவனைக் கொன்றது. நாலு திட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பான்.

அக்காதான் கேட்டாள். சத்தமில்லாமல் கேட்டாள். "காலையில எத்தன மணிக்கு பாத்த?"

"பத்து மணிக்கு."

"பதினோரு மணிக்கு நான் துணி காயப்போட வந்தேன். நீ இங்கதான் இருந்த. ஒரு மணிக்கு உன்ன சாப்பிடக் கூப்பிட வந்தேன், இதுல கை வெச்சுக்கிட்டுத்தான் நின்னேன்." அவள் குரல் உடைந்தது. "குட்டி வருது, குட்டி வருதுன்னு பதறினியே. எட்டு வருஷமா தினமும் இதுல சாயறது யாருடா?"

 காலையிலிருந்து அவன் நினைத்தது பேத்தியை. அதைவிட அதிகமாக நினைத்தது மாமாவின் முகத்தை, தெருவை, தன் பேரை. அக்கா ஞாபகத்துக்கே வரவில்லை. படிப்பு ஏறாதபோதும், கடை ஊற்றிக்கொண்டபோதும் இவனுக்காகப் புருஷனிடம் கெஞ்சியவள் அவள்தான். அவமானமாக இருந்தது. அழுதான். யாரும் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மாமா பால்கனிக் கதவைச் சாத்தினார். குறுக்கே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார். "வெல்டருக்கு போன் பண்ணு. நாளைக்குக் காலையில வரணும்" என்றார். கீழே இறங்கியவர் மறுபடி மேலே வந்தார். "எதிர் வீட்டு ஜன்னலும் நீதானே பண்ண? நான் சொல்லித்தானே உனக்குக் கொடுத்தாங்க. அதுலயும் பட்டியா?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல. இது ஒண்ணுதான்."

"சத்தியம் எல்லாம் வேணாம். வா."

அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனான். அந்த வீட்டுக்காரர்கள் திகைத்து நிற்க, மாமா ஸ்க்ரூட்ரைவரை வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் அடியில் குத்திப் பார்த்தார். எல்லாம் கெட்டி இரும்பு. திரும்பி வந்து தன் வீட்டில் முந்தின நாள் மாட்டிய புதுக் கீலைக்கூட விடவில்லை, அதையும் ஒரு குத்து குத்திப் பார்த்தார். சிரிக்கக்கூடிய சமயமாக இருந்தால் பெயின்டர் சிரித்திருப்பான்.

புதன்கிழமை வெல்டர் வந்தார். எதிர்பார்த்த மாதிரியே, "எந்தப் புண்ணியவான் பண்ணான் இத?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றான் பெயின்டர்.

வெல்டர் அவனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மெஷினை எடுத்தார். முதலில் மேல் சட்டத்தைக் கயிறு போட்டு உள்பக்கம் இழுத்துக் கட்டினார்கள். அரித்த இடத்திலேயே வெல்டிங் வைத்தால் மெலிந்த கம்பி ஓட்டை விழுந்து உருகிவிடும். அதனால் நல்ல கனம் இருக்கிற இடம் வரை, சுவரிலிருந்து ஒரு சாண் மேலே போய் வெட்டினார்கள். வெல்டிங் படுகிற இடத்தில் பெயின்டர் பழைய பெயின்டைப் பொட்டு இல்லாமல் சுரண்டிக் கொடுத்தான். அடியில் தகடு வைத்த மூன்று புதுக் கால்கள். தகட்டைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். சுவருக்குள் புதைத்தால் தண்ணீர் தேங்கி மறுபடி இதே கதைதான் என்றார் வெல்டர். நல்லதாக இருந்த இரண்டு கால்களையும் அடி வரைக்கும் குத்திப் பார்த்துவிட்டு, "இதுங்க உன்னவிட ரொம்ப நாள் இருக்கும்" என்று பெயின்டரிடம் சொன்னார்.

மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மத்தியானம் மகளுக்கு மட்டும் போன் பண்ணி, "சனிக்கிழமை வேணாம்மா, திங்கக்கிழமை வா. பெயின்ட் நல்லா காயட்டும்" என்றார். காரணம் சொல்லவில்லை. யார் செய்தது என்றும் சொல்லவில்லை. அதைக் காதில் வாங்கிய பெயின்டர் தலை நிமிராமல் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

மூன்று மணிக்கு வெல்டர் கிளம்பினார். அதற்குப் பிறகு இருந்தது இவன் வேலை. வெல்டிங் கசடைத் தட்டி எடுத்தான். மேல் பகுதி கம்பிகளைக் கம்பி பிரஷ்ஷால் இன்னொரு தடவை தேய்த்து உதிர்கிற தூசியெல்லாம் தட்டினான். கொடி வளைவுகளில் பிரஷ் நுழையாத குழிகளில் கெட்டியாக ஒட்டியிருந்த துருவுக்கு மட்டும் மருந்து தடவினான்; பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பானது. புதுக் கால்களில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் துணியால் துடைத்தான். அடிப்பூச்சுக்கு வைத்திருந்த ரெட் ஆக்சைடு பிரைமர் டப்பாவைத் திறந்து கிளறினான். வெறும் இரும்பை ராத்திரி ஈரத்தில் விட்டால் விடிவதற்குள் துரு பூத்துவிடும். பொழுது சாய்வதற்குள் ஒரு கை பூசியாக வேண்டும்.

பிரஷ்ஷைத் தோய்த்தவன் அப்படியே டப்பா ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தான். சமையலறை வாசலில் போய் நின்றான். நேற்று சாயந்திரத்திலிருந்து அக்கா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வந்தது, சாப்பாடு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் மேல வா."

"எதுக்கு?"

"பிரைமர் போட்டா எல்லாம் மறைஞ்சிடும். அதுக்கு முன்னாடி நீ பாக்கணும்."

அவள் பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டுத்தான் வந்தாள். பெஞ்சைத் தாண்டி பால்கனியில் கால் வைக்கும்போது ஒரு கணம் தயங்கினாள்.  இந்த இடத்தில் யோசிக்காமல் நின்றவள்.

அக்கா முட்டி போட்டுக் குனிந்தாள். ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தாள். வெல்டிங் தடிப்பு விரலில் நெருடியது. பெயின்ட் இல்லை, பூச்சு இல்லை. மேலே பழைய இரும்பின் வெளுப்பும் கீழே புது இரும்பின் சாம்பல் நிறமும் சேர்ந்த இடம் அப்பட்டமாகத் தெரிந்தது. கொஞ்சமும் அழகாக இல்லை.

"உள்ள என்ன வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா. இரும்புதான்."

அவள் எழுந்தாள். இவன் தானாக ஓரடி முன்னால் வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அக்கா மேல் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றினாள். முதலில் லேசாக. பிறகு முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்து, தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். கிரில் அசையவில்லை. இவன் கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

திரும்பாமலே சொன்னாள்.

"கைய எடுடா. இருட்டப் போகுது, பிரைமரப் போடு."